மாமாவின் சிரிப்பு

ஆல்பம் அச்சுக்குப் போக வேண்டிய நாள். குரூப் போட்டோவில் 22 பேர். எல்லாரும் நன்றாக விழுந்திருக்க, பெண்ணின் தாய்மாமா மட்டும் கண்ணை மூடியிருந்தார். சீர்த்தட்டோடு முன்னால் நடந்து வந்த மனிதர், சும்மா விடுவாரா?

செல்வம் அடுத்தடுத்து எடுத்த படங்களைப் புரட்டினான். ஒன்றில் கண் திறந்திருந்தது, வாய் கோணல். இன்னொன்றில், யாரோ பந்திக்குக் கூப்பிட்ட நேரம் போல, மாமா பல் தெரியச் சிரித்திருந்தார். சரி, இதுதான்.

ஃபோட்டோஷாப்பில் அந்தத் தலையை மட்டும் வளைத்தெடுத்து மூடிய கண்ணின் மேல் வைத்தான். லேயரைப் பாதி மங்கலாக்கிக் காதோடு காது பொருத்தினான். மாஸ்க் போட்டு, மென்மையான பிரஷ்ஷால் ஓரங்களைக் கரைத்தான். கழுத்தில்தான் வம்பு. இடையில் வீடியோக்காரர் லைட்டைத் திருப்பியிருந்ததால் புது முகம் மஞ்சளடித்தது. கர்வ்ஸில் நீலத்தைக் கொஞ்சம் ஏற்றினான். நெற்றிச் சந்தனத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். இரண்டிலும் ஒரே இடம். அப்பாடா.

ஆல்பம் வாங்க வந்த பெண்ணின் அம்மா அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

“எங்க அண்ணன் போட்டோவுல சிரிச்சதே இல்லையே தம்பி! என்ன பண்ணீங்க?”

“பந்திக்குக் கூப்பிட்டாங்கம்மா, அவ்வளவுதான்.”

மறுநாள் மாமாவே கடைக்கு வந்தார். “அதுல என்னை மட்டும் தனியா, பெரிசா போட்டுக் குடுப்பா. ஃபிரேமோட.” முன்பணமாக 500 ரூபாயை மேசையில் வைத்தார்.