பத்தரைக்கு விளக்கணைக்க ஒன்பதரைக்கே தொடங்க வேண்டும்

பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு நான்கு. ஒன்பதே காலுக்கு இரண்டும் ஒருவழியாக அடங்கும். அதன் பிறகுதான் சிங்க்கில் கிடக்கும் பாத்திரம், மடிக்காத துணி, பதில் போடாத நான்கு ஆபீஸ் மெயில். எல்லாம் முடித்து நிமிர்ந்தால் பத்தே முக்கால். அப்போதே போய்ப் படுத்திருக்கலாம். ஆனால் நான் சோபா ஓரத்தில், விளக்கைக்கூடப் போடாமல், ஃபோனைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வாங்கப்போவதில்லை என்று நன்றாகத் தெரிந்தும் ஜன்னல் திரைச்சீலைகளாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். கால் மரத்துப்போய் எழுந்தால் மணி பன்னிரண்டே கால். காலை அலாரம் 5:45.

இதற்கு ரொம்ப நாள் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது. பகல் முழுக்க யாராவது கூப்பிட்ட குரலுக்கு ஓடிவிட்டு, யாரும் கூப்பிடாத ஒரே ஒரு மணி நேரத்தை விட மனசில்லாமல் பிடித்துத் தொங்குகிறேன், அவ்வளவுதான். வேறு யாரும் தடுக்காதபோதும் படுக்கப் போவதைத் தள்ளிப்போடும் இந்தப் பழக்கத்துக்குத் தனிப் பெயரே வைத்து 2014-இல் ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது. ஆக, நான் மட்டும் இல்லை.

அதனால் ஒரு விஷயத்தில் தெளிவாக இருந்தேன். எனக்கென்று இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தைப் பிடுங்கிக்கொள்ளும் எந்த ஒழுங்கும் என் வீட்டில் நிற்காது. ஏற்கெனவே ஒரு முறை முயன்று பார்த்திருந்தேன்: தியானம், மூச்சுப்பயிற்சி, நன்றிக் குறிப்பு, கால் நீட்டும் பயிற்சி என்று ஒன்பது அயிட்டம். நான்கே நாள் ஓடியது. ஐந்தாம் நாள் அதுவும் ஒரு வேலைப் பட்டியலாகிவிட்டது.

இந்த முறை கணக்கைக் காலையிலிருந்து பின்னோக்கிப் போட்டேன். எழுவது 5:45. பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். படுத்ததும் யாருக்கும் கண் சொருகிவிடாது, கால் மணி நேரம் விட வேண்டும். ஆக 10:30-க்கு விளக்கு அணைய வேண்டும், அதற்கு முன் தூக்கத்துக்குத் தயாராகும் ஒரு மணி நேரம் ஒன்பதரைக்குத் தொடங்க வேண்டும். பிள்ளைகள் ஒன்பதே காலுக்குத் தூங்கினால் இது எப்படியும் இழுத்துக்கொண்டுதான் போகும். அப்போதுதான் அவர்கள் கணக்கையும் பார்த்தேன். ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மணி நேரம். மூன்று முதல் ஐந்து வயதுவரை பகல் தூக்கத்தையும் சேர்த்துப் பத்திலிருந்து பதின்மூன்று. என் பிள்ளைகளுக்கே தூக்கம் போதவில்லை! இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் படுக்கும் நேரத்தை முன்னால் தள்ளி, 8:45-க்குக் கொண்டுவந்தேன். என்னுடைய நேரம் உண்மையில் அங்கிருந்துதான் கிடைத்தது.

நான் அவர்களைத் தூங்கவைக்கும்போது கணவர் பாத்திரம் கழுவிவிடுவார். மறுநாள் மாற்றிக்கொள்வோம். தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்களுக்கு நான் சொல்வது, பாதிப் பாத்திரம் காலைவரை ஊறட்டும்.

9:30-க்குக் குளியல். பத்து நிமிடம், இளஞ்சூட்டைவிடக் கொஞ்சம் தூக்கலான வெந்நீர். இதைக் கடைசிக்கு வைக்காமல் முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. தூக்கம் வர உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். வெந்நீர் பட்டால் கை, கால் தோலுக்கு ரத்தம் கூடுதலாக ஓடி, உள்ளே இருக்கும் சூடு வெளியே போகும். அதற்குச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால் படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி முன்பு குளிப்பது நல்லது. இன்னொரு லாபம் நானாகக் கண்டுபிடித்தது: இரவு உடையை மாட்டிக்கொண்டுவிட்டால் ஆபீஸ் லேப்டாப்பைத் திறக்கக் கை வருவதில்லை. ஏனென்று தெரியாது, ஆனால் வருவதில்லை.

9:40 முதல் 10:00 வரை நாளைக் காலைக்கான வேலை. மூன்றே மூன்று: நாலு பேர் உடுப்பு, தண்ணீர் பாட்டில்கள், வாசலில் பைகள். சமையலறை டைமரை இருபது நிமிடத்துக்குத் திருப்பி வைக்கிறேன். அது கிணுகிணுத்தால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட வேண்டும். சொல்வது எளிது. டைமர் வைத்த முதல் வாரம், பாதி மடித்த துணிக்கூடையை விட்டுவந்து படுத்தவள், அந்தக் கூடையையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். இரண்டாம் வாரம் கூடையை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். கண்ணில் படாதது மனசிலும் படவில்லை.

டைமர் அடித்ததும் கூரை விளக்குகள் எல்லாம் அணையும். மூலையில் இருக்கும் மஞ்சள் மேசை விளக்கு மட்டும் எரியும். நாம் வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி முன்பே மூளை மெலடோனினைச் சுரக்கத் தொடங்குகிறது. பளிச்சென்ற வெளிச்சம், அதிலும் நீலம் கலந்தது, கண்ணில் விழுந்தால் ‘இன்னும் பகல்தான்’ என்று அது சுரப்பை அடக்கி வைக்கும். வெள்ளை விளக்கில் நின்று பல் தேய்த்துவிட்டு வந்து தூக்கம் வரவில்லையே என்று புரண்டதெல்லாம் இப்போது சிரிப்பாக இருக்கிறது. குளியலறைக்கும் ஒரு சின்ன மங்கல் பல்பு போட்டாயிற்று.

10:00-க்கு நோட்டு. ஐந்து நிமிடம், மேலே வேண்டாம். இது டைரி அல்ல. நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று மட்டும், முடிந்த அளவு துல்லியமாக. முந்தாநாள் பக்கம் இது: “பெரியவளுக்கு நீலச் சார்ட் ஒன்று, திங்களுக்குள். சின்னவன் செருப்பு கடிக்கிறது, குதிகாலைப் பார்க்கணும். மேனேஜருக்குச் செலவுக் கணக்கு, பதினொன்றுக்கு முன். கேஸ் புக் பண்ண அவரிடம் சொல்லு.” 2018-இல் வந்த ஓர் ஆய்வில் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட, இனிச் செய்ய வேண்டியதை ஐந்து நிமிடம் எழுதியவர்கள் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் ‘நாளைக்கு நிறைய வேலை’ என்று மனசுக்குள் உருளும் உருண்டை, காகிதத்தில் நாலு வரியாக இறங்கியதும் இளைத்துப்போவதை நான் தினமும் பார்க்கிறேன்.

10:05 முதல் 10:25 வரை எனக்கே எனக்கு. இதில்தான் மொத்தமும் நிற்கிறது. யாரும் இதில் உருப்படியான எதையும் என்னிடம் எதிர்பார்க்கக் கூடாது, நான் உட்பட. சில நாள் நாவல், சில நாள் குறுக்கெழுத்து, சில நாள் கணவரோடு அரட்டை. அரட்டைக்கு ஒரே நிபந்தனை: பணம், பள்ளிக்கூடம், சொந்தக்காரர்கள் மூன்றும் தடை. முதல் இரண்டு நாள் இரண்டு பேருக்கும் பேச எதுவுமே இல்லாமல் போனதைக் கண்டு கொஞ்சம் பயந்தே போனோம்.

ஃபோன் இந்த இருபது நிமிடத்துக்குள் வராது. வெளிச்சம் ஒரு காரணம்தான். பெரிய காரணம், அதற்கு முடிவு கிடையாது. புத்தகத்தில் அத்தியாயம் முடியும், திரையைத் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். சார்ஜரை வாசல் செருப்பு அலமாரி மேல் மாற்றினேன், அலாரத்துக்கு ஒரு கடிகாரம் வாங்கினேன். கணவரால் திரை இல்லாமல் முடியவில்லை. அவர் முடிவு தெரிந்த பழைய ஆட்டங்களை, ஒலியைக் குறைத்துவைத்துப் பார்க்கிறார். யார் ஜெயிப்பார்கள் என்று தெரிந்த பிறகு படபடப்புக்கு இடமில்லை. பாதியில் அணைக்கவும் முடிகிறது. சரி, அது அவர் வழி.

அப்புறம் பல், தண்ணீர், படுக்கை. 10:30.

இதெல்லாம் குலையாத இரவுகளின் கதை. குலையும் இரவு இப்படி இருக்கும்: 10:12, கதவு இடுக்கில் ஒரு தலை. “அம்மா, தண்ணி.” தண்ணீர் குடித்ததும் “ஒண்ணுக்கு.” போய்விட்டு வந்ததும் “போர்வைக்குள்ள என்னமோ இருக்கு.” போர்வைக்குள் ஒரு பொம்மை லாரி. அதை எடுத்து, பக்கத்தில் படுத்து, அவன் மூச்சு சீராகி நான் எழுந்துவரும்போது 10:40. முன்பெல்லாம் ‘இன்றைக்குப் போச்சு’ என்று ஃபோனை எடுத்துவிடுவேன். இப்போது ஒரே விதி: விட்ட இடத்திலிருந்து தொடங்குவதில்லை, கடிகாரம் இருக்கும் இடத்தில் ஏறிக்கொள்வது. பத்தரை தாண்டிவிட்டால் நோட்டு, பல், படுக்கை மட்டும். மொத்தம் பத்து நிமிடம். அதற்கு ‘சின்ன மணி நேரம்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். வாரத்தில் இரண்டு நாளாவது அதுதான் நடக்கிறது. பிள்ளை எழுந்தாலும் பெரிய விளக்கைப் போடுவதில்லை, அவன் தூக்கமும் கலையும் என் தூக்கமும் கலையும்.

“அம்மா, நாளைக்குச் சார்ட் கொண்டுபோகணும்” என்று படுக்கும் நேரத்தில் வரும் செய்திதான் மற்றொரு எதிரி. பள்ளிப் பையைத் திறந்து பார்ப்பதை மாலை ஆறரைக்கு மாற்றியதில் அது பாதியாகக் குறைந்தது. பாதிதான்.

காப்பியைப் பற்றி ஒரு வார்த்தை. குடித்த கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். மாலை ஐந்து மணிக் காப்பியில் பாதி இரவு பத்துக்கும் உள்ளே உட்கார்ந்திருக்கும். மதியம் இரண்டுக்கு மேல் நிறுத்திவிட்டேன். முதல் வாரம் வீட்டில் யாரும் என்னிடம் பேச விரும்பவில்லை.

படுத்து இருபது நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்துவந்து மங்கல் விளக்கில் உட்கார்ந்து, கண் அழுத்தும்போது திரும்பப் போய்ப் படுக்கிறேன். கடிகாரத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பிவைப்பதால் இருபது என்பது குத்துமதிப்புதான். வாரத்துக்கு மூன்று இரவாவது, மூன்று மாதமாகத் தூக்கம் பிடிக்கவில்லை என்றால் அது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இந்த அட்டவணையை இப்போதைக்கு மறந்துவிடலாம், குழந்தை தூங்கும்போது தூங்குங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கவில்லை. முதல் வாரம் சார்ஜரை இடம் மாற்றியது மட்டும். இரண்டாம் வாரம் டைமர், அப்புறம் நோட்டு, கடைசியாகக் குளியல். நான்கு மாதம் ஆகிறது. ஏழில் ஐந்து இரவு ஒழுங்காகப் போனால் அந்த வாரம் தேறியது என்று கணக்கு. சனி, ஞாயிறு எழுவது ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளாமல் பார்த்துக்கொள்கிறேன்.

நேரங்களை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். போன வாரம் பார்த்தால் 10:05-க்கு நேராகப் பெரியவள் பென்சிலில் எழுதி வைத்திருந்தாள்: “அம்மாவைக் கூப்பிடக் கூடாது.” அதற்குக் கீழே, இன்னும் சின்ன எழுத்தில்: “கெட்ட கனவு வந்தா கூப்பிடலாம்.”