தட்டு மாற்றியாயிற்று, தேதி மட்டும் இல்லை: உங்களுக்காக விரித்த ஏழு டாரட் கார்டுகள்

வணக்கம். போனில் பேசியதை எழுதியும் தரச் சொன்னீர்கள். சாவகாசமாகப் படியுங்கள்.

உங்கள் கேள்வி இரண்டு: கல்யாணம் ஏன் தள்ளிக்கொண்டே போகிறது? மாப்பிள்ளை உண்மையில் உறுதியாக இருக்கிறாரா? 2023 தை மாதம் திருச்சியில் நிச்சயதார்த்தம். இப்போது 2025 ஆவணி. பல குடும்பங்களில் லக்னப் பத்திரிகை வாசிக்கும்போதே முகூர்த்த நாளையும் சேர்த்து வாசித்துவிடுவார்கள். உங்கள் வீட்டில் "தேதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டார்கள். அந்தப் "பிறகு" இன்னும் வரவில்லை.

ஏழு கார்டுகளை இப்படி விரித்தேன். நடுவில் முதல் கார்டு, இந்த நிச்சயம் இன்று இருக்கும் நிலை. அதற்கு மேலே வரிசையாக மூன்று காரணங்கள்: எல்லோரிடமும் சொல்லப்படுவது (2), குடும்பத்துக்குள் ஓடுவது (3), அவர் வாய் திறந்து சொல்லாதது (4). நடுக்கார்டுக்கு இடப்பக்கம் அவருடைய உறுதி (5), வலப்பக்கம் நீங்கள் நிற்கும் இடம் (6). கீழே, அடுத்து நடக்க வேண்டிய பேச்சு (7). "அவர் மனதில் என்ன இருக்கிறது" என்று ஒரு இடத்தை நான் வேண்டுமென்றே வைக்கவில்லை. அந்தக் கேள்விக்கு எந்தக் கார்டு வந்தாலும் பயமோ ஆசையோதான் அதை வாசிக்கும். ஐந்தாவது இடத்தில் நான் கேட்டது அவர் என்ன செய்கிறார் என்பதை. தேதியையும் கார்டிடம் கேட்கவில்லை. அது பஞ்சாங்கத்தின் வேலை, அதற்கு முன்னால் உங்கள் இரண்டு வீட்டாரின் வேலை.

ஒவ்வொன்றாகப் போவதற்கு முன், மொத்தமாகப் பார்த்ததும் கண்ணில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். 78 கார்டுகளில் 22 மேஜர் ஆர்க்கானா, விதி, பெரிய திருப்பம் என்று நாங்கள் வாசிப்பவை. ஏழில் ஒன்றுகூட மேஜர் இல்லை. குரு பலன் வரவில்லை, அதனால்தான் தடங்கல் என்று உங்கள் அம்மா சொல்வதாகச் சொன்னீர்கள். இந்த விரிப்பு அதை ஒப்புக்கொள்ளவில்லை. முடிச்சைப் போட்டது மனிதர்கள், அவிழ்க்க வேண்டியதும் அவர்கள்தான் என்கிறது.

இன்னொன்று, கப்ஸ் ஒன்றுகூட வரவில்லை. அது அன்பைக் குறிக்கும் வகை என்று எங்கோ படித்துவிட்டு நீங்கள் போனிலேயே பதறினீர்கள். பதற வேண்டாம். வந்தது மூன்று பென்டக்கிள்ஸ், மூன்று ஸ்வார்ட்ஸ், ஒரு வாண்ட்ஸ். பென்டக்கிள்ஸ் பணம், வீடு, சொத்து. ஸ்வார்ட்ஸ் பேச்சு, முடிவு. அன்பு இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. கல்யாணம் சிக்கியிருக்கும் இடம் பணமும் பேசாமல் விட்ட பேச்சும்தான் என்று அர்த்தம். அன்பை மட்டும் அளந்துகொண்டிருந்தால் காரணம் கிடைக்காது.

நடுவில் வந்தது ஃபோர் ஆஃப் வாண்ட்ஸ், தலைகீழாக. நட்ட நான்கு கழிகள், மேலே பூவும் பழமும் கட்டிய தோரணம், பின்னால் இரண்டு பேர் பூங்கொத்தைத் தூக்கிக் காட்டுகிறார்கள். நம் ஊர்க் கண்ணுக்கு அது பந்தல்தான். 1909இல் லண்டனில் இந்தக் கார்டுகளை வெளியிட்டபோது படம் வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித், திட்டமிட்டவர் வெய்ட். பல கார்டுகளுக்குத் தலைகீழ்ப் பொருள் தனியாக எழுதிய வெய்ட், இது திரும்பி வந்தாலும் பொருள் மாறாது என்று எழுதினார். நானும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நிச்சயம் முறியவில்லை. கால் நட்டாயிற்று, மேளம்தான் வரவில்லை.

இரண்டாவது, சிக்ஸ் ஆஃப் ஸ்வார்ட்ஸ். படகில் குனிந்து உட்கார்ந்த ஒரு பெண், பக்கத்தில் குழந்தை, துழாவுகிறவன் ஒருவன், முன்னால் நட்டு வைத்த ஆறு வாள்கள். கடல் கடந்த வேலை. தோஹா ஒப்பந்தம் என்று எல்லோரிடமும் சொல்லும் காரணம் பொய்யில்லை. ஆனால் அத்தனை வாளையும் ஏற்றிக்கொண்டு இந்தப் படகு போய்க்கொண்டுதான் இருக்கிறது, நிற்கவில்லை. தோஹாவில் இருந்துகொண்டே கல்யாணம் செய்துகொள்கிறவர்கள் ஏராளம். இங்கே நீங்கள் சொன்ன ஒரு விஷயம் இடிக்கிறது. "ஃபேமிலி விசா கிடைத்ததும் தேதி வைக்கலாம்" என்றாராம். மனைவிக்கு விசா எடுக்க, சான்றொப்பம் பெற்ற திருமணச் சான்றிதழ் வேண்டும். கல்யாணம் நடந்தால்தான் அந்தக் காகிதம் வரும். இதை அவர் யோசிக்காமல் சொன்னாரா, யோசித்துச் சொன்னாரா என்று கார்டு சொல்லாது. நீங்கள் கேட்கலாம்.

மூன்றாவது இடத்துக்கு வந்தது டென் ஆஃப் பென்டக்கிள்ஸ். இந்த விரிப்பில் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்த கார்டு இதுதான். ஒரு வளைவு வாசல். முன்னால் வேலைப்பாடுள்ள அங்கி போட்ட வயதானவர், அவர் அருகே இரண்டு நாய்கள். வாசலடியில் ஒரு ஜோடி, ஒரு சிறு பிள்ளை. எல்லோரும் குடும்ப நலம், சொத்து, மூன்று தலைமுறை என்று வாசிப்பார்கள். சரிதான். ஆனால் படத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரியவர் முன்னால் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார். ஜோடி அவருக்குப் பின்னால் நிற்கிறது. அவர்கள் இடம் இன்னும் முடிவாகவில்லை.

மாடி கட்டி முடித்த பிறகுதான் கல்யாணம் என்பது உங்கள் வருங்கால மாமியாரின் பேச்சு. கான்கிரீட் போட்டதோடு வேலை நிற்கிறது என்றீர்கள். பணம் இல்லாமல் நிற்கிறதா, மாடி யாருக்கு என்று முடிவாகாமல் நிற்கிறதா? அவருக்கு ஒரு தம்பியும் இருக்கிறார் என்று நீங்கள் போகிறபோக்கில் சொன்னதை நான் குறித்துக்கொண்டேன். இந்தக் கார்டு வந்த பிறகு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. பாகம் பேசாத வீட்டில் மருமகள் வருவது, பேச்சை ஆரம்பித்துவைக்கும். அதைத் தள்ளிப்போட விரும்புகிறவர்கள் கல்யாணத்தையும் தள்ளிப்போடுவார்கள். உங்கள் மேல் கசப்பு இருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை.

நான்கும் ஐந்தும் சேர்த்து வாசிக்க வேண்டியவை. நான்கு, ஃபோர் ஆஃப் பென்டக்கிள்ஸ்: ஒரு நாணயத்தை மார்போடு கட்டிக்கொண்டு, இரண்டைக் காலடியில் மிதித்துக்கொண்டு, ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். எழுந்தால் ஏதாவது ஒன்று விழும், அதனால் எழுவதில்லை. சொல்லாத காரணம் பணப்பயம். அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடன், மாடிக்கு வாங்கிய கடன், அதற்கு மேல் சவரன் போகிற விலையில் தாலியும் நகையும் என்று ஒரு கணக்கு அவர் தலையில் ஓடுகிறது, அதை உங்களிடம் காட்ட வெட்கப்படுகிறார். இது என் வாசிப்பு. வேறொருவர் இதே கார்டைக் கருமித்தனம் என்பார். நான் அப்படி நினைக்கவில்லை, காரணம் ஐந்தாவது கார்டு.

ஐந்து, நைட் ஆஃப் பென்டக்கிள்ஸ். நான்கு வீரர்களில் இவருடைய குதிரை மட்டும் அசையாமல் நிற்கும். கனமான கறுப்புக் குதிரை, கையில் ஒரு நாணயம், பின்னால் உழுத நிலம். உறுதியைக் கேட்ட இடத்தில் இவர் வந்தது எனக்கு நிம்மதி. ஓடிப்போகிற ஆள் இல்லை. வாராவாரம் கூப்பிடுகிறார், உங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது கேட்காமலே பணம் அனுப்பினார் என்றீர்கள். பொருந்துகிறது. ஆனால் நிற்கிற குதிரை நின்றுகொண்டே இருக்கும். யாரும் தட்டாவிட்டால் அடுத்த ஆவணியிலும் இதே இடத்தில் பார்க்கலாம்.

இங்கே நீங்கள் சொன்ன நான்கு காரணங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். அக்கா கல்யாணம், பாட்டி இறந்த துக்க வருஷம், தோஹா ஒப்பந்தம், மாடி. முதல் இரண்டும் நியாயமானவை, முடிந்தும்விட்டன. துக்க வருஷம் முடிய யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, காலமே முடித்துவைக்கும். பின் இரண்டும் அப்படியல்ல. யாராவது உட்கார்ந்து ஒரு முடிவு எடுத்தால்தான் முடியும். அதனால் இரண்டரை வருஷத்தையும் சேர்த்து அவரைக் குற்றம் சொல்லாதீர்கள். துக்கம் கழிந்த நாளிலிருந்து அவர் என்ன செய்தார் என்று மட்டும் பாருங்கள். லீவுக்கு எழுதிக் கொடுத்தாரா? மேஸ்திரியிடம் பேசினாரா? அம்மாவிடம் ஒரு தடவையாவது உங்கள் பக்கம் பேசினாரா? இதில் ஒன்றாவது இருந்தால் குதிரை காலை எடுத்து வைக்கிறது. ஒன்றுமே இல்லாமல் ஐந்தாவதாக ஒரு புதுக் காரணம் வந்தால், நைட் ஆஃப் பென்டக்கிள்ஸைப் பற்றி நான் மேலே எழுதியதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

ஆறு, நீங்கள். டூ ஆஃப் ஸ்வார்ட்ஸ். கண்ணைக் கட்டிக்கொண்டு, இரண்டு வாளை மார்பின் குறுக்கே பிடித்தபடி கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்த பெண். அவள் கை கட்டப்படவில்லை, கட்டை அவளே அவிழ்க்கலாம். "கேட்டால் அவசரப்படுகிறாள் என்று நினைப்பார்கள்" என்று மூன்று தடவை சொன்னீர்கள். கோபம் வந்தாலும் பரவாயில்லை, சொல்கிறேன்: இந்தத் தாமதத்தில் உங்கள் மௌனத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நீங்கள் கேட்காததால் அந்த வீட்டில் யாருக்கும் அவசரம் தெரியவில்லை.

ஏழு, குயின் ஆஃப் ஸ்வார்ட்ஸ். ஆறில் குறுக்கே இருந்த வாள் இங்கே நேராக நிமிர்ந்திருக்கிறது, இன்னொரு கை முன்னால் நீண்டிருக்கிறது. கேள்வியும் நேராக இருக்க வேண்டும், பதிலை வாங்கிக்கொள்ளவும் தயாராக இருக்க வேண்டும். முதலில் அவரிடம், தனியாக, வீடியோ காலில். வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள், அங்கே "பார்க்கலாம்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். கேட்க வேண்டியவை: "மொத்தக் கடன் எவ்வளவு, மாதம் எவ்வளவு கட்டுகிறீர்கள்? மண்டபம், நகை எல்லாவற்றையும் குறைத்து, கோயிலில் தாலி கட்டி ஒரு சின்ன ரிசப்ஷன் என்றால் உங்களுக்குச் சம்மதமா? மாடி முடியாவிட்டாலும் நாம் தோஹாவில்தானே இருக்கப்போகிறோம், அப்புறம் மாடிக்காக ஏன் காத்திருக்க வேண்டும்?" கடைசிக் கேள்விக்கு அவர் சொல்லும் பதிலில் மூன்றாவது கார்டின் விஷயம் தானாக வெளியே வரும்.

அதற்குப் பிறகுதான் பெரியவர்கள். புரட்டாசியில் பேசி முடித்தால் ஐப்பசி, கார்த்திகை இருக்கிறது, மார்கழியை விட்டால் தை. உங்கள் அப்பாவும் தாய்மாமாவும் நேரில் போகட்டும். "எப்போது வைக்கலாம்" என்று கேட்க வேண்டாம். மூன்று முகூர்த்த நாள் குறித்துக்கொண்டு போய் "இதில் எது உங்களுக்குச் சௌகரியம்" என்று கேட்கட்டும். மூன்றும் வேண்டாம் என்றால் நாலாவதை அவர்கள் சொல்லட்டும். அதையும் சொல்லாவிட்டால், காரணத்தை அவர் முன்னாலேயே கேட்கலாம். அவரை அன்றைக்கு போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை திரும்பக் கார்டு எடுக்க வேண்டாம். நீங்களும் ஆப்பில் தினம் ஒன்று இழுத்துப் பார்ப்பதை நிறுத்துங்கள். அவரிடம் பேசி முடித்த பிறகு கூப்பிடுங்கள். மூன்று, நான்கு, ஐந்து, இந்த மூன்று இடத்துக்கு மட்டும் புதிதாக விரித்துப் பார்ப்போம், அதற்குத் தனியாகப் பணம் வேண்டாம்.