நேத்து நடந்த ரிசர்ச் மெத்தட்ஸ் கிளாஸ், கவிக்காக

கவி, நீ ஊர்லேர்ந்து வர்றதுக்குள்ள இத ஒரு தடவ படிச்சிரு டி. சர்வே, அப்சர்வேஷன், கேஸ் ஸ்டடி, கோரிலேஷன் எல்லாத்தையும் மேம் பத்து நிமிஷத்துல முடிச்சிட்டாங்க. எது எதோட சேந்து வருதுன்னுதான் கோரிலேஷன் சொல்லும், எதனால வருதுன்னு தெரியணும்னா எக்ஸ்பெரிமென்ட்தான், அதாவது ஒண்ண மட்டும் நாமளே மாத்திட்டு மத்தத எல்லாம் ஒரே மாதிரி வச்சு என்ன ஆகுதுன்னு பாக்கணும்.

மீதி கிளாஸ் முழுக்க அது எங்கெங்க சொதப்பும்னுதான். முதல் உதாரணம் சைக்காலஜியே இல்ல, ஆனா எனக்கு அதுலதான் எல்லாம் வெளங்குச்சு. 1930ல ஸ்காட்லாந்து லானார்க்‌ஷையர்ல 20,000 ஸ்கூல் பசங்கள வச்சு, பாதிப்பேருக்கு நாலு மாசம் தினமும் பால் குடுத்து வளர்ச்சி கூடுதான்னு பாத்தாங்க. ஒரு குரூப்ல நல்லா சாப்பிடுற பசங்களோ வத்தலான பசங்களோ அதிகமா இருக்குற மாதிரி தோணுனா டீச்சர்ஸ் ஆள மாத்திக்கலாம்னு விட்டுட்டாங்க, அவங்களும் பாவம் பாத்து ஏழைப் பசங்கள பால் குரூப்ல போட்டுட்டாங்க போல, ஏன்னா ஆரம்பத்துலயே பால் குடிக்காத குரூப்தான் உயரமாவும் வெயிட்டாவும் இருந்துச்சு. அதோட எடை பாத்தது பிப்ரவரி குளிர்லயும் ஜூன்லயும், துணியோட. வசதியான வீட்டுப் பிள்ளைங்க ஜூன்ல கனமான துணிய விட்டுட்டு வரும், ஏழைப் பிள்ளைக்கு ரெண்டு சீசனுக்கும் ஒரே சட்டதான, அப்ப தராசு காட்டுற வித்தியாசத்துல பால் எவ்வளவு துணி எவ்வளவுன்னு யாரு சொல்ல முடியும்? டி-டெஸ்ட் கண்டுபிடிச்ச காஸெட் 1931ல இத எழுதிட்டு, இதுக்குப் பதிலா ஒரே மாதிரி இருக்குற இரட்டைப் பிள்ளைங்க 50 ஜோடி போதும்னாரு. இருபதாயிரம் பேர் இருந்தும் ரேண்டமா பிரிக்காததால வீணாப் போச்சே, எனக்கு மனசே ஆறல.

இங்க ஒண்ணு குழப்பிக்காத. ரேண்டம் சாம்ப்ளிங்னா ஆளத் தேர்ந்தெடுக்குறது, ரேண்டம் அசைன்மென்ட்னா எடுத்த ஆள எந்த குரூப்ல போடுறதுங்கிறது. காலேஜ் பசங்கள மட்டும் வச்சு செஞ்சா அது முதல் தப்பு, லானார்க்‌ஷையர் ரெண்டாவது.

அடுத்தது எக்ஸ்பெரிமென்டர் பயஸ். ரோசன்தாலும் ஃபோடும் 1963ல ஸ்டூடன்ட்ஸ்கிட்ட சாதா எலிங்களையே குடுத்து, சிலர்கிட்ட இது புத்திசாலி எலி, சிலர்கிட்ட இது மந்தம்னு சொல்லிருக்காங்க, புத்திசாலின்னு பேர் வாங்குன எலிதான் மேஸ்ல நல்லா ஓடுச்சாம். அதுக்குத்தான் டபுள் பிளைன்ட், அளக்குறவங்களுக்கும் எது எந்த குரூப்னு தெரியக்கூடாது.

அப்புறம் காலேஜ் பசங்கள காவலராவும் கைதியாவும் நடிக்க வச்ச 1971 ஸ்டான்ஃபோர்ட் சிறை ஸ்டடி. ஒப்பிட்டுப் பாக்க கன்ட்ரோல் குரூப்பே கிடையாது, அத நடத்துன சிம்பார்டோவே சிறை சூப்பரின்டென்டன்ட்டா உள்ள உக்காந்துட்டாரு, ரெண்டு வாரம் பிளான் பண்ணது 6 நாள்ல நின்னுச்சு. கடைசியா 2015 ரெப்ளிகேஷன் ப்ராஜெக்ட், ஏற்கனவே வெளியான 100 சைக்காலஜி ஸ்டடிய திரும்பச் செஞ்சதுல 36 சதவீதத்துலதான் மறுபடி சிக்னிஃபிகன்ட்டா வந்துச்சு. சாம்பிள் சின்னதா இருக்குறதும், வேணும்ங்கிற ரிசல்ட் வர்ற வரைக்கும் அனாலிசிஸ மாத்தி மாத்திப் போடுறதும் காரணம்னு மேம் சொன்னாங்க.

திங்கக்கிழமை டெஸ்ட்ல ஒரு ஸ்டடியக் குடுத்து ஓட்டையக் கண்டுபிடிக்கச் சொல்வாங்களாம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் என் ரூமுக்கு வா, சேந்து ரெண்டு மூணு போட்டுப் பாக்கலாம்.