விதைப்பூண்டு

எங்கள் வீட்டுக்காரருக்கு விருதுநகரில் மளிகைக்கடை. சரக்கு எடுக்க எழுதுகிற சிட்டையில்தான் கொடைக்கானல் பயணத்தையும் எழுதினார். எட்டு மணி பூம்பாறை, பத்தரை குணா குகை, பதினொன்றே கால் தூண் பாறை, அப்புறம் பசுமைப் பள்ளத்தாக்கு, மோயர் பாயிண்ட், ஏரியில் படகு, கோக்கர்ஸ் வாக். இப்படி மொத்தம் பதினொரு இடம். பக்கத்திலேயே ஒரு சின்னக் கட்டம், பார்த்து முடித்ததும் டிக் போட. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் கடைக்கு மூன்று நாள் லீவு விடுவது இதுதான் முதல் தடவை. அதனால் ஒரு நிமிஷம்கூட வீணாகக் கூடாதாம்.

நவம்பரில் மலைக்குப் போகாதீர்கள் என்று சொல்லாத ஆள் இல்லை. ரூம் வாடகை குறைவு என்று கிளம்பிவிட்டோம்.

பூம்பாறை வரைக்கும் தூறல்தான். குழந்தை வேலப்பரைக் கும்பிட்டு வெளியே வந்தால் மழை கொட்டுகிறது. எதிர்ச் சரிவில் படிப்படியாக இறங்கும் வயல்கள் எல்லாம் ஐந்தே நிமிஷத்தில் காணாமல் போயின. டிரைவர் தம்பி போனை வைத்துவிட்டுச் சொன்னான்.

"சார், வந்த வழியில மரம் விழுந்துருச்சாம். அறுத்து எடுக்கணும். எப்ப ஆகும்னு தெரியல."

இவர் சிட்டையைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார், மறுபடியும் சிட்டையைப் பார்த்தார். "குணா குகையை விட்டுட்டா பதினொன்னே காலுக்குத் தூண் பாறையப் பிடிச்சிடலாம்" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை.

ஒதுங்கி நின்ற திண்ணை ஒரு பாட்டியின் வீடு. "சாரல்ல நனையாதீக, உள்ள வாங்க" என்றார். உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே கம்பில் கட்டுக்கட்டாகப் பூண்டு, தாளோடு, புகையேறிப் பழுப்பாகத் தொங்கியது. காரமும் கரியும் கலந்த வாசனை. என் சேலையில் ஒரு வாரம் போகவில்லை.

பாட்டி நடவுக்கு விதைப்பூண்டு பிரித்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலால் பூண்டின் தலையில் ஒரு அமுக்கு, மேல்தோல் நொறுங்கும், பற்கள் தனித்தனியாகக் கையில் உதிரும். இவருக்குக் கை சும்மா இருக்காது. தானும் ஒன்றை எடுத்துப் பிரித்து, வீட்டுப் பழக்கத்தில் பல்லைச் சுத்தமாக உரித்து வைத்தார்.

பாட்டி கையில் ஒரு தட்டு தட்டினார். "தோலை உரிச்சா மண்ணுல அழுகிப் போகாதா? கொழம்புக்கா போடப் போற?"

"பாட்டி, நான் வருஷக்கணக்கா பூண்டு விக்கிறவன்."

"விக்கிறவனுக்கு என்ன தெரியும்?"

நான் சிரித்த சிரிப்பில் கடுங்காப்பி புரையேறிவிட்டது. அவர் முகம் முதலில் சுருங்கியது. பிறகு என்னைப் பார்த்து அவரும் சிரித்துவிட்டார். கடையில் எத்தனை வாடிக்கையாளரிடம் சிரித்திருப்பார்! இது அந்தச் சிரிப்பு இல்லை. பெண் பார்க்க வந்த அன்று, கேசரியில் உப்பு விழுந்திருந்தபோது பார்த்தது.

மானத்தை மீட்க வேண்டுமே. ஒரு கட்டுப் பூண்டைக் கையில் தூக்கிப் பார்த்து, "முக்கால் கிலோ. இருபது கிராம் கூட இருக்கும்" என்றார். பாட்டி எழுந்துபோய்த் தராசை எடுத்து வந்தார். முக்கால் கிலோப் படிக்கல்லுக்கு முள் ஒரு நூல்தான் சாய்ந்தது. "கை படிக்கல்லுதான்" என்று பாட்டி ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை. எல்லாக் கட்டையும் எடை சொன்னார்.

மத்தியானம் சோறும் பூண்டு ரசமும். சாப்பிட்டதும் சாக்கில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனார். பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. கடையில் முதலாளி கண் அசந்தால் வேலையாள் கை நீளும் என்பார். நெற்றியில் ஒரு பூண்டுத்தோல் ஒட்டியிருந்தது. எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூரையில் மழை ஒரே சீராக இறங்கியது. காதோரம் எப்போது இவ்வளவு நரைத்தது?

"ஒரே புள்ளயா?" என்று பாட்டி கேட்டார். ஒரு மகன், கோயம்புத்தூரில் ஹாஸ்டல் என்றேன். "அப்ப வீட்டுல நீங்க ரெண்டு பேருதானா" என்றார். ஆமாம் என்றேன். நினைத்துப் பார்த்தால், இருவரும் ஒரே இடத்தில் இவ்வளவு நேரம் உட்கார்ந்ததும் அன்றுதான்.

நாலரை மணிக்கு டிரைவர் தம்பி நனைந்தபடி ஓடி வந்தான். "சார், ரோடு விட்டாச்சு. இப்பக் கிளம்பினா ஒரு பாயிண்டாச்சும் பாத்துடலாம்."

இவர் சட்டைப்பையில் இருந்து சிட்டையை எடுத்தார். ஈரத்தில் மை பரவி, பூம்பாறைக்கு எதிரே இருந்த கட்டம் மட்டும் தெரிந்தது. அதை மடித்து மறுபடியும் பைக்குள் வைத்தார்.

"தூண் பாறை எங்கயும் ஓடிப் போகாது, தம்பி. இங்க இன்னும் அரை மூட்டை கிடக்கு. நீயும் கையக் கழுவிட்டு வா. தோலை மட்டும் உரிச்சிடாத."