உப்பளப் பாட்டு: லிரிக் வீடியோவுக்கான ஏஐ காட்சி பிராம்ப்டுகள்

தம்பி, பாட்டு 1 நிமிடம் 10 நொடி. ஏழு ஷாட் போதும், ஆனால் ஒன்று மாதிரி இன்னொன்று இருக்கக் கூடாது. பெண் வருகிற ஷாட் எல்லாவற்றிலும் இந்த வரியை அப்படியே ஒட்டிவிடு, இல்லையென்றால் ஷாட்டுக்கு ஷாட் ஆள் மாறிவிடும்:

“முப்பத்தைந்து வயதுப் பெண், மாநிறம், வெளிறிய நீலச் சேலைக்கு மேல் ஆண்கள் அணியும் முழுக்கைச் சட்டை, தலையில் சிவப்புத் துண்டு, காலில் கறுப்பு ரப்பர் பூட்ஸ்.”

0:00 (இசை மட்டும்)
தூத்துக்குடி உப்பளம், விடியலுக்கு முந்தைய கருநீல இருட்டு. தொலைவில் ஒற்றை பம்ப்செட் கொட்டகை, வாசலில் மஞ்சள் பல்பு. ஆள் இல்லை. அகலமான ஷாட், கேமரா அசையாது.

0:08 “விடியும் முன்னே வரப்பேறி நடந்தாளே”
பெண் பின்பக்கமிருந்து. ஒடுங்கிய வரப்பு, கையில் டார்ச், இருபுறமும் உப்புநீரில் வானத்தின் நிழல். கேமரா முழங்கால் உயரத்தில் பின்தொடர்கிறது.

0:18 “பாத்தி பாத்தியாப் பளிங்கு பூத்திருக்கு”
மிக நெருக்கம். இளஞ்சிவப்பு உப்புநீருக்கு அடியில் சதுரச் சதுரமான உப்புப் படிகங்கள், முதல் வெயில் பக்கவாட்டில் படுகிறது. மனிதர், வானம் இரண்டுமே வேண்டாம்.

0:27 “வாருகோல் பிடிச்ச கையில் வரி வரியாக் காய்ப்பு
வாங்கிவந்த சம்பளத்தில் பாதி கடன் தீர்ப்பு”
பாட்டின் உயிர் இங்கேதான், பதினான்கு நொடியும் ஒரே ஷாட்டாக ஓடட்டும். உச்சி வெயில், நிழல் காலடியில் சுருங்கியிருக்கிறது. நீண்ட மரப்பிடி வாருகோலைப் பிடித்த இரண்டு கைகள்: விரல் இடுக்கில் வெள்ளைப் பூச்சு, உள்ளங்கையில் வெடிப்பு. கேமரா கையிலிருந்து மெதுவாக முகத்துக்கு ஏறுகிறது, வெயில் கூச்சத்தில் கண் பாதி மூடியிருக்கிறது. முகத்தில் அழுகையும் வேண்டாம், சிரிப்பும் வேண்டாம். கடன் என்றதும் ரூபாய் நோட்டைக் காட்டத் தோன்றும், காட்டாதே.

0:41 “பாத்தி பாத்தியாப் பளிங்கு பூத்திருக்கு” (மறுமுறை)
அதே வரி என்பதால் எதிர்த் திசையில் போகிறோம். நேர் மேலிருந்து ட்ரோன் பார்வை: வெள்ளை, சாம்பல், இளஞ்சிவப்புச் சதுரங்கள், பெண் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும்.

0:50 “ஐப்பசி வந்தா மழை வருமே, வேலை நின்னுபோகுமே”
வடகிழக்குப் பருவமழை மேகம், சாம்பல் ஒளி. உப்பு அம்பாரத்தின் மேல் ஆண்களும் பெண்களுமாகப் பனையோலை வேய்கிறார்கள். காற்றில் ஓலை படபடக்கிறது, முதல் துளிகள் விழுகின்றன.

1:00 “அடுத்த தை வரைக்கும் அடுப்பு தூங்கிப்போகுமே”
ஓட்டு வீட்டின் உள்ளே. அணைந்த விறகடுப்பு, கவிழ்த்த பானை, சுவரில் சாய்த்த ரப்பர் பூட்ஸ். சன்னலுக்கு வெளியே மழை. பெண் வேண்டாம், பூட்ஸ் இருந்தாலே அவள்தான் என்று தெரிந்துவிடும்.

எல்லாம் 16:9. எந்த பிராம்ப்டிலும் பாட்டு வரியைச் சேர்க்காதே, ஏஐ தமிழ் எழுத்தைக் கொம்பும் காலுமாகச் சிதைத்துவிடக்கூடும். வரிகளை எடிட்டில் நீயே போடு. 0:18-க்கும் 0:41-க்கும் பின்னணி வெளிர் நிறம் என்பதால் எழுத்து கறுப்பு, மற்றதில் வெள்ளை. திரையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு வெறுமையாக வருகிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடு. 0:27 மட்டும் நாலைந்து விதமாக எடுத்து அனுப்பு, சேர்ந்து பார்த்து முடிவு பண்ணலாம்.