போலோன்யாவில் கீழ்க்கடைக்குப் போகும்போது சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நான் வேலைக்குப் போய்விடும் காலை நேரங்களில் நீங்கள் தனியாகக் கீழே இறங்கிக் காபி குடித்துவிட்டு வர விரும்புவதாகச் சித்தி சொன்னார். நம் வீட்டுக்குக் கீழே ‘பார்’ என்று பலகை மாட்டியிருப்பதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். இத்தாலியில் காலையில் காபியும் ரொட்டியும் கிடைக்கும் கடைக்கு அதுதான் பெயர். நம்மூர்க் கடையில் நீங்கள் வழக்கமாகச் சொல்லும் வாக்கியங்களையே எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு இங்கே அதே மரியாதையோடு எப்படிச் சொல்வார்கள் என்பதைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு குறிப்பு. இவர்களுடைய ‘த’ நம்முடைய பல்லொலிதான். ஆகவே ‘ட’ என்று தடித்துச் சொல்லாமல், எழுதியிருப்பதை எழுதியபடியே படியுங்கள். ‘பாஸ்தா’ என்று நான் எழுதும் இடத்தில் முதல் எழுத்தைப் ‘பயம்’ என்பதில் வருவது போலவும், ‘க்ராட்ஸியே’ என்னும் இடத்தில் ‘கீதை’ என்பதில் வருவது போலவும் மென்மையாகச் சொல்லுங்கள்.

உள்ளே நுழைந்ததும் முதலில் சொல்ல வேண்டியது ‘புவோன்ஜோர்னோ’ என்னும் வணக்கம். நாம் ‘ஒரு காபி குடுங்க’ என்று சொல்லும்போது மரியாதை வினையின் ஈற்றிலேயே வந்துவிடுகிறது. இங்கே அதில் பாதியை இந்த வணக்கம்தான் சுமக்கிறது, ஆகவே அதை விட்டுவிட்டு நேராகக் காபி கேட்டால் அதட்டியது போல இருக்கும். மதியம் கடந்துவிட்டால் ‘புவோனசேரா’ என்று சொல்லுங்கள். கடைக்காரர் ‘தீக்கா’ என்றோ ‘பிரேகோ’ என்றோ சொன்னால், ‘சொல்லுங்க’ என்று பொருள்.

‘ஒரு காபி குடுங்க’:
மி ஃபா உன் கஃப்ஃபே, பெர் ஃபவோரே?

இப்படிக் கேட்டால் பால் கலக்காத, இரண்டே மிடறில் தீர்ந்துவிடும் கடுங்காபிதான் வரும். நீங்கள் விரும்புவது பால் காபி என்பதால், ‘நல்லா சூடா ஒரு பால் காபி’ என்பதற்கு இதைச் சொல்லுங்கள்:
மி ஃபா உன் கப்புச்சீனோ பென் கால்தோ, பெர் ஃபவோரே?

‘பென் கால்தோ’ என்பதை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் இவர்கள் வழக்கமாகத் தரும் சூடு உங்களுக்குப் போதவே போதாது. ‘ஸ்ட்ராங்கா’ வேண்டுமென்றால் அதோடு ‘கொன் தோப்பியோ கஃப்ஃபே’ என்று சேர்த்துச் சொல்லலாம். இரட்டைக் காபி ஊற்றித் தருவார். ‘லாத்தே’ என்று மட்டும் கேட்டுவிட்டால் வெறும் பால்தான் கிடைக்கும். ‘சர்க்கரை கம்மியா’ என்பதை நான் மொழிபெயர்க்கவில்லை. அது தேவைப்படாது, காபி சர்க்கரை இல்லாமலேதான் வரும், பொட்டலங்கள் மேடைமேல் இருக்கும். தேநீர் கேட்டால் வெந்நீரும் பையும் எலுமிச்சைத் துண்டும் வருவதே வழக்கம் என்பதால், ‘உன் தே நேரோ கொன் உம் போ தி லாத்தே’ என்று கொஞ்சம் பாலையும் சேர்த்தே கேளுங்கள்.

‘ஆல் பாங்க்கோ ஓ ஆல் தாவொலோ?’ என்று கேட்டால், மேடையருகே நின்று குடிக்கிறீர்களா, மேசையில் உட்காருகிறீர்களா என்று கேட்கிறார். உட்கார்ந்தால் பல கடைகளில் விலை கூடும். முழங்கால் வலியோடு நீங்கள் நின்றுகொண்டிருக்க வேண்டாம், சித்தப்பா. தயங்காமல் ‘ஆல் தாவொலோ’ என்றே சொல்லுங்கள்.

இனி வருவதுதான் எனக்குப் பெரிய கவலை. ‘நான் சைவம்’ என்பதற்குச் ‘சோனோ வெஜெத்தரியானோ’ என்று சொல்லலாம், ஆனால் அந்தச் சொல் முட்டையை விலக்காது. சிலர் மெல்லிசாகச் சீவிய பன்றித்தொடையை இறைச்சிக் கணக்கில் சேர்க்காமலும் விட்டுவிடுவார்கள். ஆகவே எப்போதும் முழு வாக்கியத்தையும் சொல்லுங்கள்:

‘நான் கறி, மீன், முட்டை எதுவும் சாப்பிட மாட்டேன்’:
நோன் மான்ஜோ நே கார்னே, நே பேஷ்ஷே, நே உவோவா.

‘இதுல பன்றிக்கறி இருக்குங்களா?’ என்று கண்ணாடிப் பெட்டியிலுள்ள பண்டத்தைக் காட்டிக் கேட்பதற்கு:
ச்சே மையாலே தென்த்ரோ?

‘பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கா?’ என்பதற்கு:
ச்சே ஸ்த்ரூத்தோ?

இந்தக் கடைசிக் கேள்வி இந்த வட்டாரத்துக்கு மிகவும் அவசியம். நம் சப்பாத்தியைப் போலத் தோன்றும் பியதீனாவிலும், வட்டமாகச் சுடும் திஜெல்லேயிலும் பன்றிக் கொழுப்பைச் சேர்ப்பது பழைய வழக்கம். மொர்த்தாதெல்லா என்று எழுதியிருந்தால், அது இந்த ஊரின் பெயர்பெற்ற பன்றியிறைச்சி. ‘தோஸ்த்’ என்று பட்டியலில் பார்த்து வாட்டிய ரொட்டி என்று எண்ணிக் கேட்டுவிடாதீர்கள். இங்கே அதற்குள் பன்றித்தொடையும் பாலாடைக்கட்டியும் வைத்துத்தான் தருவார்கள். ‘பெப்பெரோனி’ என்பது குடைமிளகாய்தான், தாராளமாகச் சாப்பிடலாம். காலையில் எல்லாரும் தின்னும் பிறை வடிவ ப்ரியோஷில் பெரும்பாலும் முட்டை இருக்கும். பர்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால்தான் தயாரிக்கிறார்கள். மற்றப் பல கட்டிகளுக்கும் விலங்கு உறைபொருளே பயன்படுகிறது. அது உங்களுக்கு ஒத்துவராது என்றால் ‘சென்த்ஸா ஃபொர்மாஜ்ஜோ’, அதாவது பாலாடைக்கட்டி வேண்டாம், என்று சொல்லிவிடுங்கள்.

இவ்வளவையும் கழித்த பிறகு நிம்மதியாகக் கேட்கக்கூடியது, வாட்டிய காய்களும் தக்காளியும் வைத்த ரொட்டி:
உன் பனீனோ கொன் வெர்தூரே ஏ பொமொதோரோ, சென்த்ஸா ப்ரொஷ்ஷூத்தோ.

சித்திக்கு வாதுமை, முந்திரி ஒவ்வாது என்பதால் அவர் கூட வரும் நாளில் ‘அல்லெர்ஜேனி?’ என்று கேட்டால் போதும். ஒவ்வாமை தரும் 14 பொருள்களில் எது எந்தப் பண்டத்தில் இருக்கிறது என்பதைக் கடைக்காரர்கள் தெரிவிக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. பெரும்பாலும் பட்டியலே வைத்திருப்பார்கள்.

மாத்திரை போடத் தண்ணீர் வேண்டுமென்றால் ‘உன் பிக்கியேரே தாக்குவா நத்துராலே’ என்று கேளுங்கள். கடைசிச் சொல்லை விட்டால் சோடாத் தண்ணீரா என்று அவர் திருப்பிக் கேட்கக்கூடும்.

‘ஆல்த்ரோ?’ என்றால் ‘வேற என்ன வேணும்?’ என்று பொருள். ‘போதுங்க’ என்பதற்கு வெறுமனே ‘பாஸ்தா’ என்று வெட்டிச் சொல்லாமல், ‘பாஸ்தா கொஸீ, க்ராட்ஸியே’ என்று நன்றியோடு முடியுங்கள். ‘எவ்வளவு ஆச்சு?’ என்பதற்குக் ‘குவான்த்தே?’. அவர் சொல்லும் தொகை காதில் பிடிபடாவிட்டால் கல்லாப்பெட்டியின் திரையில் பாருங்கள். சில கடைகளில், குறிப்பாக ரயில் நிலையத்தில், முதலில் கல்லாவில் பணம் கட்டிச் சீட்டு வாங்கி, அதை மேடையில் காட்டிய பிறகுதான் காபி தருவார்கள்.

எதுவும் புரியாத நேரத்தில் ‘நோன் கப்பீஸ்கோ’ என்று சொல்லுங்கள். ‘மெதுவா இன்னொரு தடவை சொல்லுங்க’ என்பதற்குப் ‘புவோ ரிப்பேத்தெரே பியானோ?’. சாப்பிட்டது பிடித்திருந்தால் ‘ஏரா புவொனீஸ்ஸிமோ’, ரொம்ப நன்றாக இருந்தது, என்று சொல்லிவிட்டு, ‘அர்ரிவெதேர்ச்சி’ என்று விடைபெற்று வாருங்கள்.

கறி, மீன், முட்டை வேண்டாம் என்னும் வாக்கியத்தை மட்டும் இத்தாலிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி, வீட்டுச் சாவியோடு கட்டி வைத்திருக்கிறேன். வாயால் சொன்ன பிறகு, கடைக்காரர் முகத்தில் சந்தேகம் தெரிந்தால் அதைக் காட்டுங்கள்.

உங்கள் அன்பு மகள்