மோல் பாடம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் (லெவன்த் கெமிஸ்ட்ரி)

எல்லாரும் புக்க மூடுங்க. நிஜமாதான் சொல்றேன், மூடி பைக்குள்ள வைங்க. இன்னிக்கு மோல் கான்செப்ட். பெரிய கிளாஸ் அண்ணன் அக்காங்க எல்லாம் பயமுறுத்தி வச்சிருப்பாங்க, லெவன்த்ல மோல் புரியலன்னா வருஷம் முழுக்க கெமிஸ்ட்ரி புரியாதுன்னு. அவங்க சொன்னது பாதி உண்மைதான். அதனாலதான் பாடத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு ரெண்டு நிமிஷம் குடுங்க. மிஸ்ஸோட ரெண்டு நிமிஷம்னா பத்து நிமிஷம்னு அங்க யாரோ முணுமுணுக்கிறது காதுல விழுது, பரவாயில்ல, பெல் அடிக்க இன்னும் நேரம் இருக்கு.

இந்தா, இது என்ன? நெல்லு. மன்னார்குடி பக்கத்துல நின்னுக்கிட்டு நெல்ல காட்டி இது என்னன்னு கேக்கிறேன், சிரிக்கத்தான் செய்வீங்க. ஒரு சின்ன பாலிதீன் பை, கால் கிலோ இருக்கு. இப்ப கேள்வி, இந்த பைக்குள்ள எத்தனை மணி இருக்கு? எண்ணி சொல்லணும்.

என்ன, ஆயிரமா? நீ? அஞ்சாயிரம். ஜன்னலோரம் உக்காந்திருக்கவன் ஒரு லட்சங்கிறான். சரி, யாராவது வந்து எண்ணுங்களேன். யாரும் வரமாட்டீங்க, ஏன்னா எண்ண முடியாதுன்னு இல்ல, எண்ணினா இன்னிக்கு சாப்பாட்டு பெல் வரைக்கும் எண்ணணும்னு தெரியும்.

அப்ப எடை போட்டு பாக்கலாமா? லேப்லேர்ந்து தராச கொண்டுவந்திருக்கேன். முன்னாடி வாம்மா நீ, ஒரே ஒரு மணிய எடுத்து வை. என்ன காட்டுது? சத்தமா சொல்லு. 0.0. பாத்தீங்களா, நெல்லு கண்ணு முன்னாடி கிடக்கு, ஆனா தராசு ஒண்ணுமே இல்லங்குது! தராசு பொய் சொல்லல, அதுக்கு 0.1 கிராமுக்கு கீழ கண்ணு தெரியாது, அவ்வளவுதான். இப்ப முதல் பெஞ்சுல இருக்கிற அஞ்சு பேரும் ஆளுக்கு இருபது மணி எண்ணி இதுல போடுங்க. கணக்கா இருபது. பதர் போடாதீங்க, பதர போட்டா கணக்கு கெட்டுச்சு.

நூறு மணி. எவ்வளவு? 2.0 கிராம். அப்ப ஆயிரம் மணி 20 கிராம். இது நானா கண்டுபிடிச்ச டெக்னிக் இல்ல, அக்ரி ஆபீஸ்ல கேட்டா ஆயிரம் மணி எடைன்னே சொல்லுவாங்க, ஒவ்வொரு ரகத்துக்கும் அத அளந்து வச்சிருப்பாங்க, சன்ன ரகம்னா 15 கிராம் பக்கம் வரும், மோட்டா ரகம்னா 20ஐ தாண்டும். இப்ப பைக்கு வாங்க. 250 கிராம், ஆயிரம் மணிக்கு 20 கிராம், வகுத்தா 12,500 மணி. ஒரு மணியக்கூட எண்ணாம சொல்லிட்டோம், சரி, நூறு எண்ணினோம். கொள்முதல் நிலையத்துல உங்கப்பா போடுற மூட்டை 40 கிலோ, அதுல எத்தனை? 20 லட்சம் மணி. அங்க இருக்கவர் யாரும் உக்காந்து எண்ணல, எடைதான் போடுறாரு, ஆனா அவருக்கே தெரியாம எண்ணிக்கிட்டும் இருக்காரு.

இப்ப ரெண்டாவது பை. இது உளுந்து. அறுப்புக்கு முன்னாடி நெல் வயல்லயே தெளிப்பீங்களே, அதே உளுந்து. இதுலயும் நூறு எண்ணி போடுவோம். பின் பெஞ்சுல எவனும் வாயில போட்டுக்காதீங்கடா. எவ்வளவு காட்டுது? 4.0. அப்ப ஆயிரம் உளுந்து 40 கிராம்.

இங்கதான் கொஞ்சம் நிதானமா கேக்கணும். நான் ஒரு தட்டுல 20 கிராம் நெல்லு வைக்கிறேன், இன்னொரு தட்டுல 40 கிராம் உளுந்து வைக்கிறேன். எடை ஒண்ணா? இல்ல, ஒண்ணு இன்னொண்ணுல பாதி. எண்ணிக்கை? ரெண்டுலயும் ஆயிரம். இப்ப மாத்தி வைக்கிறேன், 20 கிராம் நெல்லு, 20 கிராம் உளுந்து. இப்ப எடை ஒண்ணு, ஆனா எண்ணிக்கை ஒண்ணு இல்ல, உளுந்து ஐநூறுதான் இருக்கு. எடை சமமா இருந்தா எண்ணிக்கை சமமா இருக்காது, எண்ணிக்கை சமமா வேணும்னா எடைய வேற வேறயா போடணும். இத மண்டையில ஏத்திக்கிட்டீங்கன்னா மோல் கணக்குல பாதி முடிஞ்சுது.

சரி, இதுல கெமிஸ்ட்ரி எங்க இருக்குன்னு கேப்பீங்க. மெக்னீசியம் ரிப்பன் எரிச்சது ஞாபகம் இருக்கா, பளீர்னு வெள்ளையா எரிஞ்சுது, நேரா பாக்காதீங்கன்னு கத்தினேன், அப்புறமும் பாத்தீங்க. அங்க என்ன நடக்குது? ஒரு மெக்னீசியம் அணுவுக்கு ஒரு ஆக்ஸிஜன் அணு, ஜோடி சேருது. அணுவுக்கு கிராம் தெரியாது, தராசு தெரியாது, அதுக்கு தெரிஞ்சது தலைக்கணக்கு மட்டும்தான், ஒண்ணுக்கு ஒண்ணு. ஆனா நம்ம கையில இருக்கிறது தராசு, அதுக்கு தலைக்கணக்கு தெரியாது, கிராம்தான் தெரியும். ரெண்டு பேரும் ரெண்டு பாஷை பேசுறாங்க. ஒவ்வொரு வருஷமும் பேப்பர் திருத்துறப்ப பாக்கிறேன், ஒரு கிராம் மெக்னீசியத்துக்கு ஒரு கிராம் ஆக்ஸிஜன்னு எழுதி வைக்கிறாங்க, அது 20 கிராம் நெல்லுக்கு 20 கிராம் உளுந்து வச்சுட்டு எண்ணிக்கை சமம்னு சொல்ற மாதிரி. மெக்னீசியம் அணு ஆக்ஸிஜன் அணுவ விட கனமானது, 24க்கு 16. சரியா சொன்னா 24.3, நம்ம இன்னிக்கு 24னு வச்சுக்குவோம். அப்ப 24 கிராம் மெக்னீசியத்துக்கு 16 கிராம் ஆக்ஸிஜன் போட்டாதான் தலைக்கு தலை சரியா வரும், ஒண்ணும் மிச்சம் இருக்காது, 40 கிராம் மெக்னீசியம் ஆக்சைடு கிடைக்கும்.

இப்ப நெல்லுக்கு நூறு எண்ணிப் போட்டோம். அணுவ எப்படி எண்ணிப் போடுறது? ஒரு கார்பன் அணுவோட எடை எவ்வளவு தெரியுமா, போர்டுல எழுதுறேன் பாருங்க, சைபர் புள்ளி, அதுக்கப்புறம் 22 சைபர், அப்புறம்தான் ஒரு 2 வரும், கிராம்ல. நம்ம தராசு நெல்லு மணிக்கே கண்ண மூடிக்கிச்சு. அதனால கேள்விய திருப்பிப் போட்டாங்க. ஒரு கார்பன் அணு தராசுல தெரியாது, சரி, அத கொட்டிக்கிட்டே போறேன், தராசு 12 கிராம் காட்டுற வரைக்கும் கொட்டினா எத்தனை அணு கொட்டியிருப்பேன்? அந்த எண்தான் இது:

6.022 × 10²³

இத பாத்து பயப்படுறவங்க எல்லாம் இது எங்கேர்ந்தோ வானத்துலேர்ந்து விழுந்த எண்ணுன்னு நினைக்கிறாங்க. இல்ல. ஆயிரம் மணி எடைக்கு நம்ம ஆயிரம்னு வச்சுக்கிட்டோம், ஏன்னா நெல்லுக்கு அது போதும், தராசுல தெரிஞ்சுடும். அணு ரொம்ப பொடிசு, அதுக்கு இவ்வளவு பெரிய எண்ண வச்சாதான் தராசுல நல்லா படிக்கிற மாதிரி ஒரு எடை வருது. இவ்வளவு எண்ணிக்கை சேந்தா அதுக்கு பேரு ஒரு மோல். கார்பன் ஒரு மோல் 12 கிராம், மெக்னீசியம் ஒரு மோல் 24 கிராம். என்ன விகிதம்? ஒண்ணுக்கு ரெண்டு, நம்ம நெல்லும் உளுந்தும் மாதிரியே.

அவகாட்ரோ எண்ணுனு பேரு வச்சிருக்காங்களே, அந்த மனுஷன் இத்தாலிக்காரரு, 1811ல ஒரே வெப்பநிலை ஒரே அழுத்தத்துல சம கனஅளவு வாயுவுல சம எண்ணிக்கை மூலக்கூறு இருக்கும்னு சொன்னவரு. ஆனா எத்தனைனு அவருக்கு தெரியாது, 1856ல செத்துப்போற வரைக்கும் இந்த எண்ண அவர் பாத்ததே இல்ல. 1909ல ழான் பெரன்னு ஒரு பிரெஞ்சுக்காரர்தான் மரியாதைக்கு அவர் பேர வச்சாரு. 2019ல இந்த எண்ண இனிமே அளக்க வேண்டாம், இதுதான்னு 6.02214076 × 10²³னு ஆணி அடிச்ச மாதிரி நிறுத்திட்டாங்க. இது பரீட்சைக்கு இல்ல, தெரிஞ்சுக்கோங்க.

இந்த எண்ணு எவ்வளவு பெருசுன்னு பாக்கணும்னா, ஒரு மோல் நெல்லு வேணும்னு வச்சுக்குவோம். 6.022 × 10²³ மணி. உலகம் முழுக்க, நம்ம ஊரு, சீனா, தாய்லாந்து, வியட்நாம் எல்லாத்தையும் சேத்து ஒரு வருஷத்துக்கு விளையிற நெல்லு சுமாரா 80 கோடி டன். ஒருத்தரும் ஒரு வேளையும் சோறு திங்காம அத்தனையும் அப்படியே சேத்து வச்சா, ஒரு மோல் சேர எத்தனை வருஷம் ஆகும்? நூறா? ஆயிரமா? ஒன்றரை கோடி வருஷம்.

இப்ப இந்த மெஷரிங் ஜார்ல தண்ணி ஊத்துறேன். 18 மில்லி வரைக்கும், கோட்ட பாருங்க, குனிஞ்சு கண்ணு மட்டத்துல பாக்கணும். 18 மில்லி, 18 கிராம். ஒரு வாய் தண்ணி, அவ்வளவுதான். இதுக்குள்ள இருக்கிற தண்ணி மூலக்கூறு எத்தனை? ஒரு மோல். ஒன்றரை கோடி வருஷ விளைச்சல்ல இருக்கிற அத்தனை மணிக்கு சமமான எண்ணிக்கை இந்த ஜாரோட அடியில நிக்குது.

இந்த ஜாருலேர்ந்து டிராப்பர்ல ஒரே ஒரு சொட்டு எடுத்து டேபிள்ல விடுறேன். அதுல எத்தனைன்னு நீங்களே போடலாம், 20 சொட்டு ஒரு மில்லின்னு வச்சுக்கோங்க. யாராவது வீட்டுல போட்டுட்டு வாங்க, விடைய பாத்துட்டு கணக்கு தப்பா வந்துடுச்சுன்னு நினைச்சு அடிச்சுடாதீங்க.

இப்ப நோட்ட எடுங்க, புக்கு வேண்டாம். டேட் போட்டு, தலைப்பு மோல்னு எழுதிட்டு, கீழ இந்த ஒரு கேள்விய எழுதிக்கோங்க. என்கிட்ட 6 கிராம் மெக்னீசியம் ரிப்பன் இருக்கு, அது முழுசா எரிஞ்சு தீர எத்தனை கிராம் ஆக்ஸிஜன் வேணும்? ஃபார்முலா எதுவும் நான் இன்னும் சொல்லித்தரல, சொல்லித்தரவும் மாட்டேன், முதல்ல நெல்லு உளுந்த வச்சே யோசிச்சு போடுங்க. 6னு எழுதினவன் கைய தூக்காத, இன்னொரு தடவ அந்த ரெண்டு தட்டையும் நினைச்சுப் பாரு. 4 வந்தவங்க எப்படி வந்துச்சுன்னு பக்கத்துல இருக்கவங்களுக்கு சொல்லுங்க, அதுக்குள்ள நான் போர்ட அழிச்சுடுறேன்.